பாப்பா வரப்போகிறது: இரண்டு வயதுப் பிள்ளையை எப்படித் தயார் செய்வது?

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 2 மாதம். எனக்கு இப்போது ஏழாவது மாதம். முதல் பிரசவம் சிசேரியன், இதுவும் அப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் என்னை விட்டு இருக்கவே மாட்டான், இரவில் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். வீட்டில் எல்லோரும் "பாப்பா வந்தா அம்மா உன்னைத் தூக்க மாட்டா" என்று கிண்டல் செய்கிறார்கள், அவன் அழுகிறான். என் அக்கா வீட்டில் பெரியவன் கைக்குழந்தையைக் கடித்துவிட்டான். எனக்குப் பயமாக இருக்கிறது. இவனை எப்படித் தயார் செய்வது?

பதில்:

முதலில் அந்தக் கிண்டலை நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம் வீடுகளில் இது பழக்கம். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்லிச் சிரிப்பது மாதிரிதான் இதுவும். சொல்பவர்கள் பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு வயதில் கிண்டல் என்று ஒன்று இருப்பதே பிள்ளைக்குத் தெரியாது. சொன்னது சொன்னபடியே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் உங்கள் வீட்டு விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சிசேரியன் ஆனதும் நீங்கள் உண்மையிலேயே அவனைத் தூக்கப் போவதில்லை. ஆறு வாரத்துக்குக் கைக்குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். இவன் எப்படியும் 12 கிலோ பக்கம் இருப்பான். ஆக, எல்லோரும் சொன்னது அப்படியே நடந்துவிட்டது என்று அவன் கண்ணால் பார்ப்பான்.

பெரியவர்களிடம் "அப்படிச் சொல்லாதீங்க" என்று மட்டும் சொன்னால் முகம் சுருங்கும். அதற்குப் பதிலாகச் சொல்ல ஒரு வாக்கியத்தைக் கொடுத்துவிடுங்கள். "அத்தை, அவன் கேட்டா 'பாப்பா வந்தாலும் அம்மா உன்கூடத்தான் இருப்பா'ன்னு சொல்லுங்க, நீங்க சொன்னா அவன் நம்புவான்" என்றால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். அக்கம்பக்கத்தார் சொல்லும்போது நீங்களே குறுக்கிட்டு, அவனுக்குக் கேட்கும்படி, "இல்லை, அம்மா மடி அவனுக்கும் உண்டு" என்று சொல்லிவிடுங்கள்.

நான் 19 வருடம் குழந்தைகள் வார்டிலும் பிரசவ வார்டிலும் செவிலியராக இருந்தவள். எனக்கும் இரண்டு பிள்ளைகள். மகன் பிறந்தபோது பெரியவளுக்கு 2 வயது 4 மாதம், அதுவும் சிசேரியன். அதனால் வார்டில் பார்த்ததும் வீட்டில் பட்டதும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்த வயதுப் பிள்ளைக்குப் பாப்பா மேல் பொறாமை வருகிறது என்று நாம் சொல்கிறோம். கிட்டத்தில் இருந்து பார்த்தால் அவனுக்குப் பாப்பாவைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மாவின் கையும் மடியும் இத்தனை நாள் தன்னுடையதாக இருந்தது, இன்று கூப்பிட்டால் வரவில்லை, இதுதான் அவன் கணக்கு. அதனால் பாப்பாவை நேசிக்கச் சொல்லிக் கொடுப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். உங்கள் கை அவனுக்குக் கிடைக்கும் விதம் மாறப்போகிறது. அந்த மாற்றத்தைப் பாப்பா வருவதற்கு முன்பே, மெதுவாகச் செய்து முடிப்பதுதான் தயாரிப்பு. உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அது போதும்.

தூக்குவதிலிருந்து தொடங்குங்கள். இன்றிலிருந்து, அவன் கை நீட்டினால் நின்றபடி தூக்காமல் உட்கார்ந்துகொண்டு "வா, ஏறிக்கோ" என்று சொல்லுங்கள். கட்டிலின் பக்கத்தில் உறுதியான சின்ன ஸ்டூல் ஒன்று போட்டு, அவனே ஏறி உங்கள் பக்கம் வரப் பழக்குங்கள். முதல் நாலைந்து நாள் அழுவான். ஆனால் அழுகை முடிந்ததும் மடி கிடைக்கிறது இல்லையா, அதனால் பழகிவிடுவான். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் இதே மாதிரிதான் இருக்கப் போகிறீர்கள், ஆகவே அவனுக்கு அது புதிதாகத் தெரியாது. வயிற்றின் மேல் ஏறாமல் பக்கவாட்டில் சாய்ந்து உட்காரவும் இப்போதே சொல்லிக் கொடுக்கலாம். "அம்மா வயிறு வலிக்கும், இந்தப் பக்கம் வா" என்று இடத்தைத் தட்டிக் காட்டினால் போதும்.

அடுத்தது இரவு. இதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். ஒரே நாளில் அவனை அப்பாவிடம் படுக்க வைத்தால் ஊரே எழுந்துவிடும். ஒவ்வொரு வேலையாகக் கைமாற்றுங்கள். முதல் இரண்டு வாரம் குளிப்பாட்டுவது மட்டும் அப்பா. அடுத்து ராத்திரிச் சாப்பாடும் அவர்தான். அது நிலைத்த பிறகு தூங்க வைப்பது. அப்போதும் முதலில் நீங்கள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் படுத்து, தட்டிக் கொடுக்கும் கை மட்டும் அவருடையதாக இருக்கட்டும். அவன் உங்கள் கழுத்தைத் தேடுவான். அதற்குப் பதிலாகப் பிடித்துக்கொள்ள உங்கள் பழைய புடவை ஒன்றைத் துவைக்காமல் கொடுத்துப் பாருங்கள், பல பிள்ளைகள் அந்த வாசனையில் அடங்குவார்கள். அப்பாவுக்கு வேலை நேரம் ஒத்துவராது என்றால் பாட்டி. யாராக இருந்தாலும் ஒருவரே தொடர்ந்து செய்ய வேண்டும்.

இந்த மாற்றங்கள் பாப்பா வருவதற்குச் சில வாரம் முன்பாவது முடிந்துவிட வேண்டும். பாப்பா வந்த அன்றே அவன் இடம் மாறினால், தன்னைத் தள்ளிவிட்டு இது படுத்துக்கொண்டது என்றுதான் நினைப்பான். இதே காரணத்துக்காக, இனிமேல் புதிதாக வேறெதையும் தொடங்க வேண்டாம். பாத்ரூம் பழக்கம் பாதியில் இருந்தால் அப்படியே விடுங்கள். இன்னும் தூளியில் தூங்குகிறான் என்றால் அதைப் பிடுங்காதீர்கள், பாப்பாவுக்கு வேறு தூளி கட்டிக்கொள்ளலாம். பிளே ஸ்கூலில் சேர்ப்பது என்றால் ஒன்று இந்த வாரமே, இல்லையென்றால் பாப்பாவுக்கு மூன்று மாதம் ஆன பிறகு.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு, இரண்டு மூன்று வாரம் முன்பே போய்விடுங்கள். "பெரியவன் இங்கேயே இருக்கட்டும், நீ நிம்மதியா பெத்துட்டு வா" என்று நல்ல மனதோடு சொல்வார்கள். நானும் அதைக் கேட்டு என் மகளை 23 நாள் மாமியார் வீட்டில் விட்டேன். திரும்ப வந்தபோது அவள் என்னிடம் வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கூப்பிட்டால் பாட்டியின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். மூன்றாவது நாள்தான் பக்கத்தில் வந்தாள், வந்ததிலிருந்து ஒரு மாதம் நான் பாத்ரூம் போனால்கூடக் கதவைத் தட்டி அழுதாள். அவளைக் கூட வைத்திருந்தால் எனக்கு வேலை கூடியிருக்கும், ஆனால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

இனி அவனிடம் என்ன சொல்வது. உங்கள் வயிறு தெரிகிறது, ஊரே பேசுகிறது, அதனால் இப்போதே சொல்லலாம். மாதக்கணக்கும் தேதியும் அவனுக்குப் புரியாது. அவனுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். "சித்தி கல்யாணம் முடிஞ்சதும்", "பொங்கலுக்குப் புதுச்சட்டை போட்டதும்" என்கிற மாதிரி. "உன்கூட விளையாட ஆள் வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவன் பந்தை எடுத்துக்கொண்டு காத்திருப்பான், வருவதோ கண்ணைக்கூட முழுதாகத் திறக்காமல் கத்தும் ஒரு துணிமூட்டை. பாப்பா என்ன செய்யும் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். தூங்கும், அழும், பால் குடிக்கும், நடக்கத் தெரியாது, பேசத் தெரியாது.

அதைக் காட்டுவதற்கு அவனுடைய சொந்தப் படங்களைவிட நல்லது எதுவும் இல்லை. போனில் அவன் பிறந்த முதல் வாரத்துப் படங்களைத் தேடி எடுத்து வையுங்கள். "இது யாரு? நீதான். நீ இப்படித்தான் அழுவே. அம்மா மடியில வச்சுப் பால் குடுத்தேன். பாட்டி தூளி ஆட்டினாங்க." தினமும் தூங்கும் முன் ஐந்து நிமிடம் போதும். இதை அவன் திரும்பத் திரும்பக் கேட்பான். பாப்பாவுக்கு நீங்கள் செய்வதைப் பார்க்கும்போது, தனக்கும் இது நடந்தது என்று அவனுக்கு அடையாளம் தெரியும்.

ஆஸ்பத்திரி நாட்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவன் தூங்கும்போது நைசாகக் கிளம்பிப் போகாதீர்கள். அழுதாலும் சொல்லிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் அடுத்த பல வாரம் தூங்கவே பயப்படுவான். யார் குளிப்பாட்டுவார்கள், யார் பக்கத்தில் படுப்பார்கள் என்பதை முன்பே பலமுறை சொல்லியிருக்க வேண்டும். வீடியோ கால் சில பிள்ளைகளைச் சமாதானப்படுத்தும், சிலரை இன்னும் அழவைக்கும். ஒருமுறை பார்த்து முடிவு செய்யுங்கள். சில ஆஸ்பத்திரிகளில் சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விட மாட்டார்கள், முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

முதல்முறை அவன் உங்களைப் பார்க்க வரும்போது பாப்பா உங்கள் கையில் இருக்கக் கூடாது. தொட்டிலிலோ பாட்டி கையிலோ இருக்கட்டும். உங்கள் இரண்டு கையும் காலியாக, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். கையில் டிரிப்ஸ் ஊசி ஒட்டியிருந்தால் அதைப் பார்த்து மிரளுவான், "இது மருந்து போற குழாய், வலிக்கலை" என்று காட்டிவிடுங்கள். பாப்பாவைப் பார்க்க அவனாகக் கேட்கும்வரை காத்திருங்கள். "தம்பிக்கு முத்தம் குடு" என்று சுற்றி நிற்பவர்கள் அவன் தலையைப் பிடித்து அழுத்த வேண்டாம். பாப்பா வாங்கி வந்ததாகச் சொல்லி அவனுக்கு ஒரு பொம்மை கொடுக்கும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. கொடுத்தால் நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. அதில் எல்லாவற்றையும்விட முக்கியமானது பால் கொடுக்கும் நேரம்.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒருமுறை உட்கார்ந்தால் அரை மணி நேரம்கூட ஆகும். அதாவது உங்கள் கையும் மடியும் கண்ணும் பல மணி நேரம் கட்டுண்டு கிடக்கும், அதை அவன் எதிரில் நின்று பார்ப்பான். குடத்துத் தண்ணீரைக் கொட்டுவது, ஜன்னலில் ஏறுவது, அரிசி டப்பாவைக் கவிழ்ப்பது எல்லாம் அந்த நேரம் பார்த்துத்தான் நடக்கும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜூடி டன், கரோல் கென்ட்ரிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 40 குடும்பங்களை, இரண்டாவது குழந்தை பிறப்பதற்கு முன்பிருந்தே வீட்டுக்குப் போய்ப் பார்த்து 1982-இல் எழுதினார்கள். வேண்டுமென்றே செய்யும் சேட்டை, தாய் கைக்குழந்தையோடு இருக்கும் நேரத்தில் அதிகமாகிறது என்பதை அவர்களும் கண்டார்கள். ஆக, உங்கள் பிள்ளை மட்டும் கெட்டுப்போகவில்லை. எந்த நேரத்தில் நடக்கும் என்று தெரிந்த ஒன்றுக்கு முன்னேற்பாடு செய்யலாம்.

நான் செய்தது இது. ஒரு துணிப்பை எடுத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுக்கு எட்டாத ஆணியில் மாட்டினேன். உள்ளே மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பாவில் ஒரு பிடி பொரி, நாலைந்து சொப்பு சாமான், பேட்டரி எடுத்துவிட்ட பழைய ரிமோட், ஒரு படப் புத்தகம். அந்தப் பை பால் கொடுக்கும்போது மட்டும்தான் இறங்கும், முடிந்ததும் ஏறிவிடும். எப்போதும் கையில் கிடைத்தால் ஒரே நாளில் அலுத்துவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு பொருளை மட்டும் மாற்றுவேன். பாப்பா சிணுங்கத் தொடங்கியதும், அலறும்வரை காத்திராமல், முதலில் இவளைக் கவனிப்பேன். தண்ணீர் வேண்டுமா, ஒன்றுக்குப் போக வேண்டுமா என்று கேட்டு முடித்து, பையை இறக்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, என் வலப்பக்கத்தைத் தட்டுவேன். அவள் ஏறி வந்து அந்தப் பக்கத்தில் ஒட்டிக்கொள்வாள். இந்தப் பக்கம் தம்பி குடிப்பான், அந்தப் பக்கம் இவள் பொரியை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்பாள். பொரி தின்னும்போது படுக்கவோ ஓடவோ கூடாது, உட்கார்ந்துதான் தின்ன வேண்டும். அதையும் கவனியுங்கள், புரையேறும்.

அந்த அரை மணி நேரத்தில் என்ன பேசுகிறோம் என்பதும் முக்கியம். மேலே சொன்ன ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. முதல் சில வாரங்களிலேயே பாப்பாவையும் ஓர் ஆளாக நினைத்து, அதற்கு என்ன வேண்டும், அது என்ன நினைக்கிறது என்று பெரிய பிள்ளையிடம் பேசிய தாய்மார்களின் வீடுகளில், ஓராண்டுக்குப் பிறகும் பிள்ளைகள் ஒருவரோடொருவர் கூடுதல் அன்பாக இருந்தார்கள். பேச்சு ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வார்டிலும் வீடுகளிலும் நான் பார்த்ததும் இதுவேதான். செய்வதும் எளிது.

"தம்பி ஏன் அழறான்? உனக்கு என்ன தோணுது?"

"பசி."

"பசியா இருக்குமோ? பால் குடுத்துப் பார்ப்போம். அட, வாயைத் திருப்பிக்கிட்டான். அப்ப பசி இல்லை போல."

"ஜட்டி ஈரம்."

"தொட்டுப் பாரு. ஆமா, ஈரம். நீ சொன்னது சரி."

இப்படித்தான். ஆணையிடாமல் கேளுங்கள். அவன் சொன்ன பதில் சரியாக இருந்தால் சரி என்று சொல்லுங்கள், அவ்வளவுதான். துணி எடுத்து வரச் சொல்லலாம், மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். "நீதானே அண்ணன், நீதான் விட்டுக் குடுக்கணும்" என்பது இரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் பெரிய பாரம். பாப்பா வந்ததால் அவன் ஒரே நாளில் பெரியவனாகிவிடவில்லை.

இன்னொரு வழியும் சொல்கிறேன், இது மிகவும் வேலை செய்யும். பாப்பா தூங்குது சத்தம் போடாதே, பாப்பாவுக்குப் பால் குடுக்கணும் அப்புறம் வரேன், பாப்பா அழுது நீ போய் விளையாடு. ஒரு நாளில் இதை எத்தனை முறை சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு 'முடியாது'க்கும் பாப்பாதான் காரணம் என்று நாமே பாடம் நடத்துகிறோம். "அம்மா கை இப்ப வேலையா இருக்கு, இந்தப் புத்தகம் முடியறதுக்குள்ள வரேன்" என்று சொல்லலாமே. நாளுக்கு இரண்டு மூன்று முறை, உண்மையிலேயே காத்திருக்கக்கூடிய நேரமாகப் பார்த்து, பாப்பாவிடம் அவன் காதில் விழும்படிச் சொல்லுங்கள்: "பாப்பா, கொஞ்சம் இரு. அண்ணனுக்குச் சட்டை போட்டுட்டு வரேன்." பாப்பாவுக்கு இது ஒன்றும் புரியாது, அரை நிமிடத்தில் எதுவும் ஆகிவிடாது. ஆனால் காத்திருப்பது தனக்கு மட்டுமில்லை என்று அவனுக்குப் புரியும். என் மகள் இதை முதல்முறை கேட்டதும் கையைச் சட்டைக்குள் விடாமல் அப்படியே நிறுத்தி, தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

இனி நீங்கள் பயப்படும் விஷயம், கடிப்பதும் அடிப்பதும். பெரும்பாலும் அது அடியாகத் தொடங்காது. கட்டிப்பிடிப்பதாகத் தொடங்கி இறுகும். கன்னத்தைத் தடவும் கை கிள்ளும். இறுகும்போது பார்த்தால் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த முகம் தெரிந்ததும் உங்கள் கையை இருவருக்கும் நடுவில் நுழைத்துவிடுங்கள். விருந்தாளிகள் வந்து பாப்பாவைக் கொஞ்சிவிட்டுப் போன பத்து நிமிடத்துக்குள் நடப்பதும் அதிகம்.

நடந்துவிட்டால், கத்தாமல் அவன் கையைப் பிடித்து, பாப்பாவை எடுத்துவிட்டு, "அடிக்க விட மாட்டேன். பாப்பாவுக்கு வலிக்கும்" என்று மட்டும் சொல்லுங்கள். அடிக்காதே என்று சொல்லி அவனை அடிப்பதில் அர்த்தம் இல்லை, பெரியவர்கள் சின்னவர்களை அடிக்கலாம் என்பதைத்தான் அது சொல்லிக் கொடுக்கும். மன்னிப்புக் கேட்கச் சொல்லி இழுக்கவும் வேண்டாம். பாப்பாவை வேறு கையில் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் அவனோடு உட்காருங்கள். "அம்மா வேணும்னா அம்மா கையை இழு, நான் திரும்பிப் பார்ப்பேன்" என்று அவனுக்கு ஒரு வழியைக் காட்டுங்கள். அவன் இழுக்கும்போது கண்டிப்பாகத் திரும்பிப் பாருங்கள், பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் சரி. தொட ஆசைப்பட்டால் முகத்தை விட்டுவிட்டுப் பாதத்தைத் தொடப் பழக்குங்கள். கடித்த இடத்தில் தோல் கிழிந்திருந்தால் சோப்பு போட்டுக் கழுவி, கைக்குழந்தை என்பதால் அன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

முதல் மாதங்களில் இருவரையும் ஒரே அறையில் தனியாக விடக் கூடாது, ஒரு நிமிடம்கூட. குரோதத்தால் நடப்பதைவிடப் பாசத்தால் நடப்பதுதான் ஆபத்து. தூளி ஆட்டுகிறேன் என்று சுவரில் மோதும்படி ஆட்டுவான். நான் வார்டில் இருந்தபோது, தான் தின்ற பிஸ்கட்டைக் கடித்துப் பாப்பா வாயில் ஊட்டிவிட்ட மூன்று வயது அண்ணனைப் பார்த்திருக்கிறேன். குழந்தைக்குப் புரையேறிக் கொண்டுவந்தார்கள், நல்ல வேளை, பிழைத்தது. அந்த அண்ணன் வாசலில் பாக்கெட்டைப் பிடித்தபடி நின்றான், "பாப்பாக்குப் பசி" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். நீங்கள் பாத்ரூம் போனாலும் ஒருவரையாவது கூடவே கூட்டிப் போங்கள். அவனுக்குச் சளி, இருமல் என்றால் பாப்பாவின் முகத்தருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மற்ற நாளிலும் கை கழுவிய பிறகே தொடட்டும்.

பழையபடி குழந்தையாகிவிடுவான், அதையும் எதிர்பாருங்கள். பாட்டில் கேட்பான், மழலையில் பேசுவான், நன்றாகப் பாத்ரூம் போய்க்கொண்டிருந்தவன் கூடத்தில் நின்று போவான். என் மகள் நான்கு மாதமாக ஒரு ஜட்டி நனைத்ததில்லை. தம்பி வந்த பத்தாம் நாள் தொடங்கினாள். தூக்கம் இல்லாத எரிச்சலில் நான் திட்டினேன், ஒருமுறை முதுகில் ஓர் அடியும் வைத்தேன். நாளுக்கு இரண்டாக இருந்தது ஐந்தானது. என்னோடு வேலை செய்த மூத்த செவிலியர் அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்தபோது பார்த்துவிட்டு, "திட்டுறதாவது நீ அவ முகத்தைப் பார்த்துச் செய்யற, அதான் போறா" என்றார். அன்றிலிருந்து ஒன்றும் சொல்லாமல் துடைத்து ஜட்டி மாற்றினேன். காய்ந்த நேரத்தில் அவளைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டேன். மூன்று வாரத்தில் நின்றது. தாய்ப்பால் கேட்டபோதும் தடுக்கவில்லை. ஒருமுறை வாயை வைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "தம்பிக்கே" என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்டதைக் கொஞ்சம் கொடுத்தால் பல பிள்ளைகளுக்கு அதிலேயே ஆசை தீர்ந்துவிடும்.

பேர் வைக்கும் நாளிலும் தொட்டில் போடும் நாளிலும் கூட்டம் வரும். வாசலிலேயே உங்கள் வீட்டுக்காரரை நிறுத்தி, வருபவர்களிடம் "முதல்ல அண்ணனைப் பார்த்துட்டு உள்ள போங்க" என்று சொல்ல வையுங்கள். பாப்பாவைக் காட்டும் வேலை அவனுடையதாக இருக்கட்டும். அதற்கும் அவன் விரும்பினால்தான்.

அப்புறம் ஒரு நாளில் 15 நிமிடம், பாப்பா வேறு யாரிடமாவது இருக்க, நீங்கள் அவனோடு மட்டும். போன் இல்லாமல், அவன் சொல்லும் விளையாட்டு. தினமும் ஒரே நேரமாக இருந்தால் அவன் அதற்குக் காத்திருப்பான், மற்ற நேரத்தில் பிடுங்கல் குறையும். பத்தியம், ஓய்வு, வலி எல்லாம் உண்டு, தெரியும். படுத்தபடியே செய்யலாம்.

பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு மூன்று மாதத்தில் தணிந்துவிடுவார்கள். எல்லாம் அடங்கியது என்று நினைக்கும்போது, பாப்பா தவழத் தொடங்கும் ஏழு, எட்டாம் மாதத்தில் மறுபடி ஒன்று வரும். அதுவரை அழுதுகொண்டு கிடந்தது, இப்போது வந்து அவன் கட்டிய வீட்டை இடிக்கும், காரை வாயில் வைக்கும். இந்த முறை அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. பாப்பாவுக்கு எட்டாத உயரத்தில் அவனுக்கென்று ஒரு மேசையோ அலமாரித் தட்டோ ஒதுக்கி, அதில் உள்ளதை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாப்பா பிடுங்கினால், "இது அண்ணனுது" என்று பாப்பா கையிலிருந்து நீங்களே எடுத்துக் கொடுங்கள். இரண்டு மூன்று முறை நீங்கள் எடுத்துக் கொடுப்பதைப் பார்த்தால், அவன் அடித்துப் பிடுங்க வேண்டிய தேவை குறையும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் ஆகியும் குறையாமல் ஏறிக்கொண்டே போனால், தன்னையே அடித்துக்கொண்டால், சாப்பாடு குறைந்து எடை இறங்கினால் காட்டுங்கள். பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளை விட்டுவிட்டான், கூப்பிட்டால் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை என்றால் "பாப்பா வந்த ஏக்கம்" என்று தள்ளிப்போடவே கூடாது. மழலையாகப் பேசுவது வேறு, பேச்சே போவது வேறு. சேட்டை எதுவும் இல்லாமல், கேட்காமல், அழாமல், ஓரமாகவே இருக்கும் பிள்ளையைச் சமத்து என்று எல்லோரும் புகழ்வார்கள். அவனைத்தான் அதிகம் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கே இரண்டு வாரத்துக்கு மேல் காரணமில்லாமல் அழுகை வருகிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை, பெரியவனைப் பார்த்தாலே கோபம் வருகிறது என்றால், அது பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வாக இருக்கலாம். உங்கள் மகப்பேறு டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள், சிகிச்சை உண்டு.

உங்கள் அக்கா மகனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவன் கடித்தபோது அக்கா என்ன செய்துகொண்டிருந்தார், அதற்குச் சற்றுமுன் வீட்டுக்கு யார் வந்து போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்தால் உங்கள் வீட்டில் எந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும் என்று உங்களுக்கே பிடிபடும். குளிப்பாட்டும் வேலையை வரும் ஞாயிற்றுக்கிழமையே அப்பா கைக்கு மாற்றிவிடுங்கள். முதல் வாரம் நீங்கள் பாத்ரூம் வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கலாம். அடுத்த வாரம் அந்த நாற்காலியைக் கூடத்துக்கு நகர்த்துங்கள்.